ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பாதிப் பார்வை: வீட்டில் செய்யும் தேடல் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரோக் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் "இடது கண் சரியாத் தெரியலை" என்று சொன்னால், கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போகும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அவருக்கு எதிரே ஒரு கை நீளத் தூரத்தில் உட்காருங்கள். ஒரு கண்ணை அவர் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் உங்கள் மூக்கையே பார்க்கட்டும். நீங்கள் ஒரு விரலை ஆட்டிக்கொண்டே பக்கவாட்டில் வெளியிலிருந்து உள்ளே மெதுவாகக் கொண்டு வாருங்கள். விரல் தெரிந்ததும் அவர் சொல்ல வேண்டும். முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். அடுத்து கண்ணை மாற்றி மூடச் சொல்லி, இதையே திரும்பச் செய்யுங்கள்.

இடது கண்ணில்தான் கோளாறு என்றால், அதை மூடியதும் வலது கண்ணுக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். எந்தக் கண்ணை மூடினாலும் அதே இடது பக்கத்தில்தான் விரல் காணாமல் போகிறது என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். இதைத்தான் மருத்துவர்கள் ஹெமியனோப்பியா என்கிறார்கள். இந்த வழிகாட்டியில் பாதிப் பார்வை இழப்பு என்றே சொல்கிறேன்.

வீட்டுச் சோதனை ஒரு அறிகுறியைக் காட்டும், அவ்வளவுதான். எவ்வளவு பகுதி போயிருக்கிறது என்பதைக் கண் மருத்துவமனையில் செய்யும் ஃபீல்டு டெஸ்ட்தான் சொல்லும். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்த்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவார்கள். வரும் தாளில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

என்ன நடந்திருக்கிறது

நாம் பார்க்கும் காட்சியின் இடது பாதி, இரண்டு கண்களிலிருந்தும் மூளையின் வலது பக்கத்துக்குப் போகிறது. வலது பாதி இடது பக்கத்துக்குப் போகிறது. இரண்டும் போய்ச் சேரும் இடம் பிடரிப் பக்கம் உள்ள மூளைப் பகுதி. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் பின்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு வந்தால், மறு பக்கத்துக் காட்சி போய்விடுகிறது. கண், லென்ஸ், விழித்திரை எல்லாம் நன்றாகவே இருக்கும். அதனால் புதுக் கண்ணாடியோ, கண்புரை அறுவையோ, சொட்டு மருந்தோ இந்த இழப்பைச் சரிசெய்யாது.

இந்த இடத்தில் மட்டும் அடைப்பு வந்தால் சிலருக்குக் கை, கால், வாய் எதுவும் இழுக்காது. பார்வை மட்டும் சட்டென்று ஒரு பக்கம் போகும். "கண்ணுல ஏதோ" என்று மறுநாள் வரை பொறுத்திருப்பவர்கள் நிறைய. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே யாருக்காவது திடீரென்று ஒரு பக்கப் பார்வை போனால் கண் மருத்துவமனைக்குப் போகாமல் 108-ஐ அழைத்து, ஸ்ட்ரோக் சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கெனவே ஒரு பக்கம் இழந்தவருக்குப் புதிதாக இன்னொரு இடம் மறைந்தாலும் இதேதான்.

குடும்பத்தாருக்குப் புரியக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. போன பக்கம் அவருக்குக் கறுப்பாகத் தெரிவதில்லை. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது உங்களுக்குக் கறுப்பாகவா தெரிகிறது? அங்கே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். அவருக்கும் அப்படித்தான். ஒரு திரை விழுந்திருந்தால் அதை விலக்கிப் பார்க்கத் தோன்றும். திரையே இல்லாதபோது, பார்க்காமல் விட்டது எது என்றே தெரியாது. "கவனமாப் பாருங்க, கவனமாப் பாருங்க" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பதில் பலனில்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. சிலருக்கு முதல் சில வாரங்களில் அந்தக் காணாத பக்கத்தில் நிறங்கள், கோலங்கள், சில நேரம் ஆட்கள்கூடத் தெரிவதுண்டு. வேலை இல்லாமல் போன மூளைப்பகுதி தானாக உண்டாக்கும் காட்சி இது. மனநோய் அல்ல, பேயும் அல்ல. பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். ஆனால் சில சமயம் வலிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வருமா?

கொஞ்சம் வரலாம். வருவதில் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே வரும், மூன்று மாதம் வரை மெதுவாகத் தொடரும். ஆறு மாதம் கழிந்த பிறகு தானாகப் பெரிதாக மாறுவது அரிது. அதனால் மூன்று மாதம் ஆனதும் ஒரு ஃபீல்டு டெஸ்டைத் திரும்ப எடுத்து, பழைய தாளோடு ஒப்பிடுவது நல்லது.

தேடல் பயிற்சி டெஸ்ட் தாளில் இருக்கும் அந்தக் கறுப்புப் பகுதியைச் சுருக்காது. இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு வாரம் உழைத்துவிட்டு, டெஸ்ட் தாள் அப்படியே இருப்பதைப் பார்த்து மனம் உடைந்துபோவார். பயிற்சி மாற்றுவது கண்ணின் பழக்கத்தை. காணாத பக்கத்துக்குக் கண்ணை முதலில், வேகமாக, போதுமான தூரம் அனுப்பும் பழக்கம் அது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஃபியோனா ரோ தலைமையில் ஸ்ட்ரோக் நோயாளிகள் 87 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குக் காணாத பக்கத்துக் காட்சியைத் தெரியும் பக்கத்துக்கு நகர்த்தும் பிரிசம் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் தேடல் பயிற்சி, ஒரு குழுவுக்குத் தகவல் மட்டும். எந்தக் குழுவிலும் பார்வைப் பரப்பு சொல்லும்படி விரியவில்லை. ஆனால் பார்வை சார்ந்த அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, தேடல் பயிற்சி செய்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. பிரிசம் அணிந்தவர்களில் பலர் தலைவலி போன்ற தொந்தரவுகளைச் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், கடைசி வார்த்தை அல்ல. ஆனாலும் செலவில்லாத, தீங்கில்லாத பயிற்சி என்பதால் இங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

இடது போனால் ஒரு கஷ்டம், வலது போனால் வேறு கஷ்டம்

பொதுவான கஷ்டங்களை எல்லோரும் ஊகித்துவிடலாம். கதவு நிலையில் தோள் இடிப்பது, பக்கத்தில் வந்து நின்றவரைப் பார்த்துத் திடுக்கிடுவது, கூட்டத்தில் மோதுவது. ஆனால் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்து வரும் கஷ்டங்கள்தான் வீட்டாரைக் குழப்பும்.

எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் போனவர் 15,000-ஐ 5,000 என்று படிப்பார். 570 எண் பேருந்து அவருக்கு 70 ஆகத் தெரியும். வலது பக்கம் போனவருக்கு 5,000 என்பது 500 ஆகிவிடும், ஓடிபியில் கடைசி இரண்டு எண் விட்டுப்போகும். இருவருமே தாங்கள் தவறாகப் படித்ததாக உணர மாட்டார்கள், ஏனென்றால் பார்த்தது முழு எண்போலவே இருக்கும். ரத்த அழுத்தக் கருவியில் 160 என்பது 60 ஆகத் தெரிந்து பயந்துபோனவர்களும் உண்டு.

சாப்பாட்டில், இலையின் இடது மேல் ஓரத்தில் வைத்த உப்பும் ஊறுகாயும் இடது பக்கம் போனவருக்கு இல்லாமல் போகும். சமையலறையில் காணாத பக்கத்து அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். இதற்குப் பயிற்சி பலன் தரும்வரை காத்திருக்கக் கூடாது. கொதிக்கும் பாத்திரம், கத்தி, மாத்திரை டப்பா மூன்றையும் இப்போதைக்குத் தெரியும் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கீழ்ப் பகுதியும் சேர்ந்து போயிருந்தால் படி, வாசல் திட்டு, தரையில் கிடக்கும் செருப்பு எல்லாம் ஆபத்து. மேல்ப் பகுதி மட்டும் போனவருக்கு நடப்பதில் அவ்வளவு சிரமம் இருக்காது. டெஸ்ட் தாளைப் பார்த்து இதை ஆப்டோமெட்ரிஸ்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தொடங்கும் முன்: பார்வை இழப்பா, கவனிப்பு இழப்பா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் பயிற்சி தொடங்கினால் நேரம் வீணாகும். ஸ்ட்ரோக்கில் இன்னொரு பாதிப்பு வரும். கண்ணுக்குத் தெரிந்தாலும், ஒரு பக்க உலகமே மூளைக்குப் பொருட்டாக இல்லாமல் போவது. வலது மூளை பாதிக்கப்பட்டு இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடுவதே அதிகம். இவர்கள் பாதி முகம் மட்டும் சவரம் செய்வார்கள், ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விடுவார்கள். சுட்டிக்காட்டினாலும் "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிடைக்கோடு போட்டு, நடுவில் ஒரு குறி வைக்கச் சொல்லுங்கள். தாள் அவருக்கு நேர் எதிரே இருக்கட்டும். இடது பக்கக் கவனிப்பு போனவர் குறியை நன்றாக வலது பக்கம் தள்ளி வைப்பார். இடது பார்வை மட்டும் போனவர் நடுவிலோ, சற்று இடது பக்கம் தள்ளியோ, அதாவது காணாத பக்கமாகவோ வைப்பார். ஒரே தாளை வைத்து முடிவு செய்யக் கூடாது. நான்கைந்து கோடு கொடுத்து, மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பாருங்கள். கவனிப்பு இழப்பு இருப்பதாகத் தோன்றினால், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். அதற்கான பயிற்சி வேறு. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வீட்டில் நாமாகத் தொடங்கும் பயிற்சி மட்டும் போதாது.

முதல் படி: ஒரே தாவல்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் யோசப் ட்சீல் என்ற நரம்பியல் உளவியலாளர் பாதிப் பார்வை இழந்தவர்களின் கண் அசைவுகளைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவர். நம் கண் ஒரு பொருளை நோக்கிப் போகும்போது ஒரே தாவலாகப் போய் நிற்கும். பாதிப் பார்வை போனவரின் கண், காணாத பக்கம் போகும்போது சின்னச் சின்னப் படிகளாக நகர்கிறது. கொஞ்சம் போய் நின்று பார்க்கும், ஒன்றும் இல்லை, இன்னும் கொஞ்சம் போகும். நேரமும் ஆகும், பாதி வழியில் கைவிட்டுத் திரும்பியும்விடும். சிலர் இதைத் தாமாகத் திருத்திக்கொள்கிறார்கள், பலரால் முடிவதில்லை. பயிற்சியின் அடிப்படையே இந்தப் படிகளை ஒரே பெரிய தாவலாக மாற்றுவதுதான்.

சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நாற்காலி போடுங்கள். அவர் மூக்குக்கு நேராகச் சுவரில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுங்கள். காணாத பக்கத்தில் அரை மீட்டர் தள்ளி ஒரு நீலச் சீட்டு. அதற்கும் அப்பால், நடுச் சீட்டிலிருந்து முக்கால் மீட்டர் தூரத்தில், செங்குத்தாக ஒரு சிவப்பு டேப். தலையை ஆட்டாமல் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் "போ" என்றதும் கண் நேராகச் சிவப்பு டேப்புக்குத் தாவ வேண்டும். அங்கிருந்து உள்ளே திரும்பி வந்து நீலத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு மஞ்சளுக்குத் திரும்பலாம்.

டேப் எதற்கு என்று கேட்பார்கள். நீலத்தைப் பிடிக்கச் சொன்னால் கண் அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். அப்பால் போய்த் திரும்பச் சொன்னால் வழியில் இருக்கும் எதுவும் அவருடைய தெரியும் பாதிக்குள் வந்துவிடுகிறது. கொஞ்சம் அதிகமாகப் போவதுதான் இங்கே சரி.

நீங்கள் சுவர் ஓரமாக நின்று அவர் கண்களைக் கவனியுங்கள். ஒரே வீச்சா, இரண்டு மூன்று படியா என்று வெறும் கண்ணுக்கே தெரியும். பத்துத் தாவல், ஒரு நிமிடம் ஓய்வு, மீண்டும் பத்து, மீண்டும் பத்து. பத்தில் எட்டு தாவலாவது ஒரே வீச்சாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். சிலருக்கு நாலு நாளில் வரும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும்.

தலையை ஏன் ஆட்டக் கூடாது? தலை மெதுவானது. கண் வேகமானது. தலையைத் திருப்பிப் பார்த்தே பழகினால் கண் சோம்பேறியாகி, கழுத்து வலியும் வரும். நடக்கும்போது தலையும் திரும்ப வேண்டும்தான், அது பிறகு.

இரண்டாம் படி: வரிசைத் தேடல்

அதே சுவரில் ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்குள் 1 முதல் 20 வரை எண் எழுதிய சீட்டுகளைக் கலைத்து ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாகக் கண்டுபிடித்து விரலால் காட்ட வேண்டும். விதி ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் தேடல் காணாத பக்கத்தின் மேல் மூலையில் தொடங்கி, வரிசை வரிசையாகக் கீழே வர வேண்டும். தெரியும் பக்கத்தில் தொடங்கினால், அங்கே கிடைப்பதைப் பிடித்துக்கொண்டு கண் அங்கேயே சுற்றும். அந்தப் பழக்கத்தைத்தான் உடைக்கிறோம்.

ஒரு நோட்டு வைத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள்: மொத்த நேரம், தவறவிட்ட எண்கள், அவை சுவரில் எந்த மூலையில் இருந்தன. மூன்றாவதைப் பலர் எழுதுவதில்லை, ஆனால் அதிலிருந்துதான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். சீட்டுகளின் இடத்தை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவர் இடத்தை மனப்பாடம் செய்துவிடுவார். நேரம் குறைவதைப் பார்த்து நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

எளிதாகிவிட்டால் ந, ன, ண போன்ற ஒத்த எழுத்துகளைக் கலந்து, ண மட்டும் எத்தனை என்று கேளுங்கள். முறத்தில் அரிசியைப் பரப்பி 15 உளுந்தைத் தூவிப் பொறுக்கச் சொல்வதும் நல்ல பயிற்சி. கல் பொறுக்கிப் பழகிய கைகளுக்கு இது விளையாட்டுபோல இருக்கும், சுவரைப் பார்த்து உட்காரச் சலிப்பவர்கள்கூட இதைச் செய்வார்கள். இங்கேயும் தொடக்கம் காணாத பக்கத்திலிருந்துதான். கணினி பழக்கம் உள்ளவர்களுக்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் உருவாக்கிய Eye-Search என்ற பயிற்சி உண்டு. திரையில் காட்டுவதைக் கண்ணால் தேடிப் பிடிக்கும் பயிற்சிதான் அதுவும்.

நாளுக்கு அரை மணி நேரம், ஆறு வாரம் என்பது ஆய்வுகளில் பயன்படுத்திய அளவு. அதை ஒரே மூச்சில் செய்யாதீர்கள். பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை போதும். ஸ்ட்ரோக்குக்குப் பிந்தைய களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. நடுவில் திடீரென்று தவறுகள் கூடினால், அன்றைக்கு நிறுத்த வேண்டிய நேரம் அது.

ஒரு உதாரணம்

படம் தெளிவாகத் தெரிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மளிகைக் கடை வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர். மூளையின் வலது பின்பகுதியில் அடைப்பு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இடது பார்வை முழுதும் போயிருக்கிறது. கிடைக்கோட்டுச் சோதனையில் நடுவைச் சரியாகக் குறிக்கிறார், தனக்கு இடது பக்கம் தெரியவில்லை என்று அவருக்கே தெரியும். எனவே பயிற்சிக்கு ஏற்றவர்.

தொடங்கும் நாளில் 20 எண்களைத் தேட மூன்று நிமிடம் பத்து விநாடி ஆகிறது. ஐந்து எண் விட்டுப்போகிறது. ஐந்துமே இடது பக்கம், அதில் நான்கு இடது கீழ் மூலை. கண்ணைக் கவனித்த மனைவிக்கு, அவர் ஒவ்வொரு தேடலையும் வலது பக்கம் தொடங்குவது தெரிகிறது. "என்னங்க, அந்த ஓரத்துல இருந்து ஆரம்பிங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வாரம் முழுதும் டேப் தாவல் மட்டும்தான்.

மூன்றாம் வார முடிவில் நேரம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி, விட்டது ஒன்று. அதுவும் இடது கீழ் மூலையில். நோட்டில் மூன்றாவது பத்தி இருப்பதால் இது தற்செயல் இல்லை என்று தெரிகிறது. அதனால் அடுத்த வாரம் சீட்டுகளில் பாதியை இடது கீழ்ப் பகுதியிலேயே ஒட்டுகிறார்கள், தேடலையும் அந்த மூலையிலிருந்து மேலே போகும்படி மாற்றுகிறார்கள்.

ஆனால் கடையில் கல்லாவுக்கு இடது பக்கம் இருக்கும் எண்ணெய் டின்னை அவர் இன்னும் தட்டிவிடுகிறார். பல வீடுகளில் பயிற்சி நின்றுபோவது இந்த இடத்தில்தான். சுவரில் வந்த பழக்கம் தானாகக் கடைக்கு வருவதில்லை. கடைக்கென்று தனியாகப் பழக வேண்டும். கல்லா மேசையின் இடது விளிம்பில் அதே சிவப்பு டேப் ஒட்டி, கையை நீட்டும் முன் கண் டேப்பைத் தொட்டு வர வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். அலமாரியில் சாமான் எடுக்கும்போதும் இடது மேல் தட்டிலிருந்துதான் தேடுகிறார். பில்லில் 1,250 என்பது 250 ஆகாமல் இருக்க, முதல் எண்ணுக்கு இடது பக்கம் விரலை வைத்து, விரலைப் பார்த்த பிறகுதான் எண்ணைப் படிக்கிறார்.

ஆறாம் வாரம் சுவரில் ஒரு நிமிடம் பதினைந்து விநாடி, எதுவும் விடவில்லை. ஃபீல்டு டெஸ்ட் தாளில் மாற்றம் ஏதும் இல்லை. கடையில் டின் விழுவது நின்றிருக்கிறது. பயிற்சியின் பலனை இந்தக் கடைசி விஷயத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆகவே தொடங்கும் நாளிலேயே டின்போல அன்றாடத் தொந்தரவு மூன்றை எழுதி வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை எத்தனை தடவை நடந்தது என்று குறித்துவாருங்கள்.

படிப்பதற்குத் தனிப் பயிற்சி

சுவர்த் தேடல் நன்றாக வந்தாலும் வாசிப்பு தானாகச் சரியாகாது. படிக்கும்போது கண் செய்யும் தாவல்கள் மிகச் சின்னவை. அவற்றுக்குத் தனிப் பழக்கம் வேண்டும். பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் தப்பியிருந்தால் வாசிப்பு அவ்வளவாகப் பாதிக்கப்படாது. நடு வரைக்கும் போயிருந்தால்தான் கஷ்டம்.

வலது பக்கம் போனவருக்கு இது பெரிய அடி. நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அடுத்து வரும் எழுத்துகளை முன்கூட்டியே பார்த்துத்தான் கண் அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. அந்தப் பக்கமே இல்லையென்றால் எழுத்தெழுத்தாகத் தடவிப் போக வேண்டும். தமிழில் யார், எப்போது, எத்தனை பேர் என்பதெல்லாம் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருவதால் வந்தான், வந்தாள், வந்தார்கள் எல்லாம் அவருக்கு "வந்தா" என்று நின்றுவிடும், மீதியை ஊகிப்பார். ஊகம் தவறி வாக்கியம் குழம்பும். இவருக்கான பயிற்சி: ஒவ்வொரு சொல்லிலும் முதலில் கடைசி எழுத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்லைப் படிப்பது. தனிச் சொற்களைச் சீட்டில் எழுதிச் சின்னவற்றிலிருந்து நீளமானவற்றுக்குப் போங்கள். பிறகு இரண்டு சொல், அப்புறம் ஒரு வரி. வலமிருந்து இடமாக நகர்ந்து ஓடும் எழுத்துகளைப் படிப்பதும் உதவும். டிவியில் கீழே ஓடும் செய்தி வரி அப்படித்தான் ஓடுகிறது. வேகம் அதிகமாக இருந்தால் முழுதும் பிடிக்க முடியாது, ஆனாலும் கண்ணை வலது ஓரத்தில் வைத்து எழுத்து உள்ளே வருவதைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

இடது பக்கம் போனவருக்கு ஒரு வரியைப் படிப்பது சுலபம், அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். பக்கத்தின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போடுங்கள், அல்லது ஒரு சிவப்பு ஸ்கேலை வையுங்கள். வரி முடிந்ததும் கண் கோட்டைத் தேடித் தொட வேண்டும், அதற்கு முன் படிக்கத் தொடங்கக் கூடாது. நாளிதழின் குறுகிய பத்திகள் இவருக்கு எளிது.

இரண்டு தரப்புக்கும் எழுத்தைப் பெரிதாக்கினால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். எழுத்து பெரிதாகும்போது மிச்சமிருக்கும் பார்வைக்குள் அடங்கும் எழுத்துகள் குறைகின்றன. முக்கியமாக, வலது பக்கம் போனவருக்கு வாசிப்பு இன்னும் மெதுவாகும். வழக்கமான அளவுக்குச் சற்றுக் கூடுதலாக, வரி இடைவெளியை அதிகமாக வைப்பதே போதும்.

வெளியே

வீட்டு நடையில் இரண்டு பக்கச் சுவர்களிலும் இடுப்பு உயரம், முழங்கால் உயரம், தலை உயரம் என்று சீட்டுகளை ஒட்டி, நடந்துகொண்டே எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இப்போது தலையும் திரும்பலாம். நான்கைந்து அடிக்கு ஒரு முறை காணாத பக்கம் ஒரு பார்வை, பிறகு நேரே, பிறகு தரை. நடக்கும் வேகம் குறைந்தால் குறையட்டும்.

கூட்டத்தில் கூடப் போகிறவர் காணாத பக்கம் நடக்க வேண்டும், இடிப்பதைத் தடுக்க. பேசுவதற்கு உட்காரும்போது தெரியும் பக்கம் உட்காருங்கள்.

சாலையைக் கடக்கும்போது பக்கம் முக்கியம். இந்தியாவிலும் இலங்கையிலும் வாகனங்கள் இடது பக்கம் போவதால், ஓரத்தில் நிற்கும்போது அருகில் உள்ள வண்டிகள் வலது பக்கத்திலிருந்து வரும். வலது பார்வை போனவருக்கு முதல் பாதி ஆபத்து. இடது போனவர் முதல் பாதியைச் சுலபமாகக் கடந்துவிட்டு, நடுவுக்கு அப்பால் மாட்டிக்கொள்வார். எதிர்த்திசையில் வரும் டூவீலர்களும் உண்டு என்பதால் இருவருமே இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும். இதைக் காலை நேரக் காலிச் சாலையில், கூட ஒருவர் இருக்க, சிக்னல் உள்ள இடத்தில் பழகுங்கள். சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், மின்சார ஸ்கூட்டர்கள் ஓசையில்லாமல் வருகின்றன.

வண்டி ஓட்டுவது வேறு விஷயம். சுவரில் எல்லா எண்ணையும் கண்டுபிடிப்பவருக்கும் சாலையில் பக்கவாட்டுப் பார்வை இல்லைதான். பிரிட்டனில் கார் ஓட்ட இரண்டு பக்கமும் சேர்த்து 120 டிகிரி பார்வை கேட்கிறார்கள். முழுப் பாதி போனவரால் அதை எட்ட முடியாது. இங்கே டூவீலரை "பக்கத்துக் கடை வரைக்கும்தானே" என்று எடுப்பவர்கள் அதிகம், காணாத பக்கத்திலிருந்து ஒரு குழந்தை ஓடிவர அந்தத் தூரம் போதும். சாவியை வாங்கி வையுங்கள். நரம்பியல் மருத்துவரும் கண் மருத்துவரும் ஃபீல்டு டெஸ்ட் தாளைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆறு வாரம் முடிந்த பிறகு தினப் பயிற்சியை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு முறை அந்த 20 எண்களை மட்டும் ஒட்டிப் பாருங்கள். நேரம் மெல்லக் கூடினால் பழக்கம் தளர்கிறது என்று பொருள், ஒரு வாரம் தாவல் பயிற்சியை மீண்டும் செய்யலாம். நேரம் ஒரேயடியாகக் கூடினாலோ, இதுவரை தெரிந்த பக்கத்தில் எண்கள் விட்டுப்போனாலோ அது பயிற்சிக் குறைவு அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.